இரவல் வண்டியில் ஏறுமுன்

சென்ற கார்த்திகை மாதத்தில், கோத்தகிரியில் நடக்கவிருந்த உறவினர் வீட்டு விவாகத்திற்காக என் மனைவியும் நானும் சென்னையிலிருந்து ரயிலேறிக் கோயம்புத்தூரில் வந்து இறங்கியபோது, பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. முன்கூட்டியே பேசி வைத்திருந்த வாடகைக் கார், அந்த நிறுவனத்தின் முற்றத்தில் கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவர் இல்லாமல் எடுத்துச் சென்று நாமே ஓட்டிக்கொள்வதற்கென்று முறையாகப் பதிவான கார்களுக்கு நம் நாட்டில் இதுவே அடையாளம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இளைஞர், "சார், மொபைலுக்கு வந்த நம்பரைச் சொல்லிட்டீங்கன்னா நீங்க கிளம்பிடலாம். வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்கு" என்றார். இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கும் இருந்தது. ஆயினும் நான், "தம்பி, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கோ, வண்டியைப் பார்த்துட்டு அப்புறம் நம்பரைச் சொல்றேன்" என்றேன். அவர் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. கீறலையும் நெளிவையும் படமெடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களை அவர் தினந்தோறும் பார்த்திருப்பார்; கிளம்புமுன் அரை மணி நேரம் கேட்பவர்களைப் பார்த்திருக்க மாட்டார்.

நான் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன், இதே மேட்டுப்பாளையம் சாலையில், காரமடையை நெருங்கும் இடத்தில், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய காரை ஓட்டிச் சென்றுகொண்டிருந்தேன். வலப்புறம் இருந்த பெட்ரோல் பங்கிற்குள் திரும்ப வேண்டியிருந்தது. பதினோரு ஆண்டுக் காலம் என் சொந்தக் காரில் பழகியிருந்த வலக்கை, ஸ்டியரிங்கின் வலப்பக்கத்துத் தண்டைத் தன் வழக்கம்போல் கீழே தட்டிற்று. இண்டிகேட்டர் எரியவில்லை, மாறாக, உலர்ந்து கிடந்த முன்கண்ணாடியின் மேல் வைப்பர் கிறீச்சென்று ஒருமுறை ஓடி நின்றது. அந்த வண்டியில் இண்டிகேட்டர் இடப்பக்கத்தில் இருந்தது. என்ன நேர்ந்தது என்று பார்ப்பதற்காக நான் கண்ணைக் கீழே தாழ்த்திய அந்த இரண்டு மூன்று நொடிகளில், கார் வலப்புறமாகச் சாய்ந்து நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து வலப்பக்கமாக முந்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் இளைஞர் பிரேக்கை அழுத்திச் சறுக்கி விழுந்தார். தெய்வாதீனமாக முழங்கையில் தோல் உரிந்ததற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அவர் எழுந்து நின்று, கோபம்கூட இல்லாமல், "நீங்க சிக்னலே போடலையே சார்" என்று சொன்ன சொல் இன்றைக்கும் என் செவியில் நிற்கிறது. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நான் போட்டதாக நினைத்தேன்; போடவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. மூன்று நொடி கண்ணைத் தாழ்த்தினால் 50 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருப்போம். பழகிய காரில் இந்தத் தாழ்த்தலுக்கு அவசியமே நேர்வதில்லை, ஏனெனில் அங்கே கை தானே வழி அறியும். புதிய காரிலோ, கை பழைய காரின் ஞாபகத்தையே சுமந்துகொண்டு வருகிறது. அதனால் அபாயம், தெரியாத கருவியில் இருப்பதைவிட, தெரியும் என்று கை நம்பிக்கொண்டிருக்கும் கருவியில்தான் அதிகம் இருக்கிறது. ஆகவே நிற்கும் வண்டியிலேயே அந்தப் பழைய ஞாபகத்தைக் கலைத்துப் புதியதை ஊன்றிவிட வேண்டும். அன்று கோயம்புத்தூர் முற்றத்தில் நான் செய்தது இதைத்தான். அது நடந்த கிரமத்திலேயே சொல்லுகிறேன்.

முதலில் இருக்கை. கண்ணாடிகளைத் திருப்பி வைத்துவிட்டு அதன்பின் இருக்கையை நகர்த்துபவர் செய்த வேலை அனைத்தும் வீணாகும். கண் இருக்கும் ஸ்தானம் நான்கு விரற்கடை மாறினாலும் கண்ணாடியில் தெரியும் காட்சி மாறிவிடும். கிளட்ச் மிதியை அடிவரை அழுத்தியபோதும் இடது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். தோள்கள் சாய்மானத்தைவிட்டுப் பிரியாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். அவ்வளவு போதும். அப்போதே குனிந்து, காலடி விரிப்பு பிரேக் மிதிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறதா என்பதையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் கண்ணாடிகள். உள்ளே நடுவில் தொங்கும் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நெம்பு இருக்கும். இரவில் பின்வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் கூசாதபடி அதை நம்மை நோக்கி இழுத்துக்கொள்வது வழக்கம். முன்பு ஓட்டியவர் அதை இழுத்தபடியே விட்டுப் போயிருந்தார். அந்த நிலையில் பார்த்தால் பின்னுலகம் முழுவதும் மங்கலாகத் தெரியும்; பின்னால் நெருங்கிவரும் லாரியின் விளக்குகூடத் தொலைவில் இருப்பதுபோல் மயக்கம் தரும். அந்த நிலையிலேயே கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு, பிற்பாடு நெம்பை மாற்றினால், காட்சி கூரைக்கோ பின்னிருக்கைக்கோ போய்விடும். எனவே முதலில் நெம்பைப் பகல் நிலைக்குத் தள்ளினேன். பிறகு கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து, தலையை அசைக்காமலேயே பின்சன்னல் முழுவதும் தெரியும்படி திருப்பினேன்.

பக்கக் கண்ணாடிகளில்தான் விஷயம் நுட்பமாகிறது. பெரும்பாலோர் தம் வண்டியின் பின்கதவும் கைப்பிடியும் நன்றாகத் தெரியும்படி அவற்றை உள்நோக்கி வைத்துக்கொள்கிறார்கள். பார்க்க நிம்மதியாக இருக்கும், ஆனால் நாம் பார்க்க வேண்டியது நம் வண்டியை அன்று, நம் வண்டிக்குப் பக்கத்தில் வருபவரை. இதை ஊகத்தால் தீர்மானிக்க இயலாது என்பதால் என் மனைவியின் உதவியைக் கேட்டேன். அவள் காருக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி நின்று, வலப்பக்கமாக ஒரு கை அகலம் இடம்விட்டு, ஒரு மோட்டார் சைக்கிள் வருவதுபோல் மெல்ல நடந்து வந்தாள். முதலில் நடுக் கண்ணாடியில் தெரிந்தாள், அதன் விளிம்பில் அவள் மறைவதற்கு முன்பே பக்கக் கண்ணாடியில் தோன்றிவிட்டாள், அதுவரை குறையில்லை. ஆனால் பக்கக் கண்ணாடியை விட்டு நீங்கிய பிறகு, என் கடைக்கண்ணுக்குப் புலப்படுவதற்குள், முழுமையாக இரண்டு எட்டு நடந்துவிட்டாள். அந்த இரண்டு எட்டில் அவள் எனக்கு இல்லாதவளே. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த இளைஞர் வந்துகொண்டிருந்ததும் அநேகமாக அந்த இடத்தில்தான்.

கண்ணாடியைச் சிறிது வெளிநோக்கித் திருப்பி, மீண்டும் நடக்கச் சொன்னேன். மறைவு ஓர் எட்டாகக் குறைந்தது. இதற்கு ஓர் எளிய யுக்தி உண்டு. தலையை வலது சன்னல் கண்ணாடியில் படுமளவுக்குச் சாய்த்து, அந்த நிலையில் நம் வண்டியின் பக்கவாட்டு மயிரிழையாகத் தெரியும்படி வலப்பக்கக் கண்ணாடியை வைத்துவிட்டு நிமிர்ந்தால், போதிய அளவு வெளிப்புறம் திரும்பியிருக்கும். இடப்பக்கத்துக்கு, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே தலையைச் சாய்த்து அவ்வாறே செய்ய வேண்டும். அகன்ற நெடுஞ்சாலையில் இது மிக நல்ல முறை. ஆனால் நம் ஊர்க் கடைத்தெருவில், இடுப்பளவு இடைவெளியில் ஸ்கூட்டர்கள் நுழையும் இடத்தில், நம் வண்டியின் ஓரமே தெரியாமற்போனால் ஒதுங்கி நிறுத்துவதும் பின்வாங்குவதும் சிரமமாகும். ஆதலால் நான் நடுவழியாக, உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு என் வண்டி தெரியும்படி வைத்துக்கொள்வேன். எஞ்சும் அந்த ஓர் எட்டு மறைவுக்குத் திரும்புமுன் தோளைத் தாண்டி ஒரு பார்வை பார்ப்பதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது. மேலும் கீழுமாக வைப்பதற்கு, சாலையும் வானும் கூடும் கோடு கண்ணாடியின் நடுவுக்கு வருமாறு பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னும் ஒன்று. நடுக் கண்ணாடி தட்டையானது. பக்கக் கண்ணாடி சற்றே குவிந்தது. குவிந்த கண்ணாடி அதிக இடத்தைக் காட்டும். அதற்கு விலையாக உருவத்தைச் சிறிதாக்கித் தொலைவில் இருப்பதாகவும் காட்டும். இந்தக் குவிவு எல்லாக் கார்களிலும் ஒரே அளவினதன்று என்பதால், என் காரில் "இவ்வளவு சிறிதாகத் தெரிந்தால் இவ்வளவு தூரம்" என்று பழகிய கணக்கு வேறொரு காரில் பொய்த்துவிடும். முற்றத்தின் கோடியில் நின்ற ஒரு ஸ்கூட்டரை முதலில் நடுக் கண்ணாடியிலும் உடனே பக்கக் கண்ணாடியிலும் மாறி மாறிப் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் அது வெகுதூரம் தள்ளிப் போனதுபோல் தோன்றிற்று. அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள ஒரு நிமிஷமே ஆயிற்று.

இருட்டத் தொடங்கியிருந்தது, விளக்குகளைப் பார்ப்பதற்கு அதுவே தக்க நேரம். காரை முற்றத்துச் சுவரின் எதிரே பத்தடி தள்ளி நிறுத்திக்கொண்டு, இஞ்சினை ஓடவிட்டேன். முன்புறம் வெள்ளை ஒளி. எனக்கெதிரே டேஷ்போர்டு முழுவதும் பளிச்சென்று எரிந்தது. நான் இன்னும் எந்த விளக்கையும் போடவில்லை. வெளியே நின்ற மனைவியிடம், "பின்னாடி எரியுதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே எரியலீங்க, ஒரே இருட்டா இருக்கு" என்றாள்.

இக்காலத்துக் கார்களின் பெரிய மயக்கம் இது. பழைய கார்களில் விளக்கைப் போட்டாலன்றி டேஷ்போர்டு ஒளிராது. ஸ்பீடாமீட்டர் தெரியவில்லை என்பதே விளக்குப் போடவில்லை என்பதற்குச் சூசகமாக இருந்தது. இப்போதோ சாவி திறந்தவுடன் டேஷ்போர்டு ஒளிர்கிறது. பகல் விளக்குகள் என்று பெயர் பெற்றவை முன்னால் தாமாகவே எரிகின்றன. பெரும்பாலான கார்களில் அவற்றோடு பின்விளக்குகள் எரிவதில்லை. தெரு விளக்குள்ள நகரத்து வீதியில், முன்னால் ஒளியையும் எதிரே பிரகாசமான முள்களையும் கண்டு, விளக்கெல்லாம் எரிவதாகவே நினைத்து ஓட்டிக்கொண்டு போகிறவருக்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்கு, முன்னே ஒரு வண்டி போவதே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க இறங்க வேண்டியதில்லை. டேஷ்போர்டில் பச்சை நிறத்தில் விளக்குச் சின்னம் எரிகிறதா என்று பார்த்தால் போதும். முதுகோடு முதுகாக இரண்டு சிறு விளக்குகள் இருபுறமும் கதிர் வீசும் பச்சைச் சின்னம் எரிந்தால், பின்விளக்கும் பார்க்கிங் லைட்டும் எரிகின்றன. கதிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்த பச்சைச் சின்னம், டிம் லைட்டுக்கு. கதிர்கள் நேர்க்கோடாக நிற்கும் நீலச் சின்னம் பிரைட்டுக்கு. எதிரே வண்டி வரும்போது இந்த நீலம் அணைந்திருக்க வேண்டும்.

விளக்கைப் போடும் இடமும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் இண்டிகேட்டர் தண்டின் நுனியையே முறுக்க வேண்டும். முதல் திருப்பத்தில் பார்க்கிங், இரண்டாவதில் ஹெட்லைட். வேறு சிலவற்றில் ஸ்டியரிங்கின் வலப்புறம் டேஷ்போர்டில் ஒரு வட்டக் குமிழ் இருக்கும். எங்கள் கார் இரண்டாவது ரகம். குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்பி, டிம்மும் பிரைட்டும் சுவரில் எப்படி விழுகின்றன என்று பார்த்தேன். டிம்மின் ஒளி சுவரில் முழங்காலுக்கும் தாழ்வாகவே விழுந்து நின்றது. அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் பல்சக்கரம்போன்ற ஒரு சிறு சக்கரம் 0 முதல் 3 வரை எண்ணிட்டிருந்தது. அது 3-இல் இருந்தது. பின்னிருக்கையிலும் டிக்கியிலும் பாரம் ஏறினால் காரின் மூக்கு உயரும், அப்போது டிம் லைட்டும் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறிவிடும். அதைத் தாழ்த்துவதற்கே இந்தச் சக்கரம். எண் கூடக்கூட ஒளி தாழும். முந்தைய வாடிக்கையாளர் குடும்பத்தோடு போனபோது தாழ்த்தியிருப்பார். முன்னிருக்கையில் இருவர் மட்டுமே போகும் எங்களுக்கு அது 0-இல் இருக்க வேண்டும். திருப்பியவுடன் ஒளிக்கோடு சுவரில் மேலேறி, விளக்கின் உயரத்துக்குச் சற்றே கீழே வந்து நின்றது. இதைப் பார்க்காமற்போயிருந்தால், மலைச் சாலையில் வண்டிக்கு முன்னால் சில அடிகளை மட்டுமே பார்த்துக்கொண்டு, "இந்தக் காரில் லைட்டே சரியில்லை" என்று நொந்தபடி, எதிரே வருபவர்க்கெல்லாம் பிரைட்டைப் போட்டுக்கொண்டு ஏறியிருப்பேன்.

பின்பக்கத்துக்கு மனைவியே சாட்சி. பின்விளக்கு இரண்டும் எரிந்தன; ரிவர்ஸ் லைட் எரிந்தது; நம்பர் பலகையின் விளக்கும் எரிந்தது. பிரேக்கை மிதித்தபோது, "வலது பக்கம் நல்லா எரியுது, நடுவுல மேல இருக்கறதும் எரியுது. இடது பக்கம் அப்படியேதான் இருக்கு" என்றாள். இளைஞர் ஓடிவந்து பார்த்து, "எரியுதே சார்" என்றார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அதே சிவப்புக் கண்ணாடிக்குள் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்ததால், பார்ப்பவருக்குச் சிவப்பு தெரியத்தான் செய்தது. பிரேக்கை மிதிக்கும்போது அது பளிச்சென்று கூடவில்லை என்பதே குறை. எனவேதான் பிரேக் லைட்டை இரண்டு முறை, பின்விளக்கு அணைந்திருக்கும்போது ஒருமுறையும் எரிந்துகொண்டிருக்கும்போது ஒருமுறையும், பார்க்க வேண்டும். "விளக்கை அணைச்சுட்டு மிதிக்கிறேன், நீயே பாரு தம்பி" என்றேன். இடப்பக்கம் இருட்டாகவே இருந்தது. மறுபேச்சின்றி உள்ளே சென்று ஒரு பல்பைக் கொண்டுவந்து பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தார். சாவியை வாங்கி நம்பரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பல்பு நாங்கள் திரும்பி வரும் வரை மாறியிராது. துணைக்கு ஆளில்லாதவர்கள் காரின் பின்புறத்தைச் சுவருக்கோ மூடிய கடையின் கண்ணாடிக் கதவுக்கோ எதிரே நிறுத்தினால், ஒளியின் பிரதிபிம்பத்தை நடுக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இண்டிகேட்டர்களில், சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினால் நான்கு மூலையும் ஒருசேர மினுக்கும்; எரியாத பல்பு அதிலேயே தெரிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் டிக்டிக் சத்தம் வழக்கத்தைவிட விரைவாகக் கேட்டால், பல்பு பொருத்திய கார்களில், அந்தப் பக்கத்தில் ஒன்று போய்விட்டது என்று கொள்ளலாம்.

பல்பு எரிவது வேறு. எரிய வைக்கும் தண்டு எங்கே இருக்கிறது என்பது வேறு. நம் நாட்டில் விற்கும் மாருதி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலப்பக்கத்திலும் வைப்பர் இடப்பக்கத்திலும் இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பிய மரபுக் கார்களில் இண்டிகேட்டர் இடப்பக்கம், வைப்பர் வலப்பக்கம். இரண்டும் நல்ல ஏற்பாடுகளே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் முதல் நாள்தான் கடினம். எந்தப் பக்கம் இருந்தாலும் மாறாத ஒரு விதி உண்டு: ஸ்டியரிங்கை எந்தத் திசையில் சுழற்றப் போகிறோமோ, அந்தச் சுழற்சியோடு தண்டும் போகும். வலப்புறம் திரும்பும்போது சக்கரத்தின் வலது விளிம்பு கீழே இறங்குகிறது, இடது விளிம்பு மேலே ஏறுகிறது. ஆகவே தண்டு வலப்பக்கம் இருந்தால் கீழே தட்ட வேண்டும், இடப்பக்கம் இருந்தால் மேலே தள்ள வேண்டும். "மேலேயா, கீழேயா" என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவார்கள். சக்கரத்தோடு சேர்த்து நினைப்பவர்களுக்குத் தடுமாற்றம் வராது.

எங்கள் கார் இடப்பக்க இண்டிகேட்டர். நான் இருக்கையில் நேராக அமர்ந்து, பார்வையை முற்றத்து வேப்பமரத்தின் மேல் நிறுத்திக்கொண்டேன். மனைவி பக்கத்து இருக்கையில் இருந்தபடி, நினைத்த வரிசையில், "வலது… இடது… டிம்… பிரைட்… வைப்பர்… ஹாரன்… வலது…" என்று சொல்லிக்கொண்டே போனாள். முதல் சுற்றில் ஐந்து முறை "வலது" என்றதற்கு மூன்று முறை வைப்பரைத் தட்டினேன். இரண்டாவது சுற்றில் ஒருமுறை. மூன்றாவது சுற்றில் கை ஒருமுறை போய்ப் பாதியில் நின்று திரும்பிற்று. நான்காவது சுற்றில் பிழையில்லை. ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த அப்பியாசத்தை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. காரமடைச் சாலையில் விழுந்த அந்த இளைஞரை நினைத்து நானாகச் செய்துகொண்டது. அவசரத்தில் பழைய பழக்கம் தலைதூக்கும் என்பதையும் நான் அறிவேன். அதனால் முதல் ஒரு மணி நேரம் திரும்பவேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே இண்டிகேட்டரைப் போட்டு, டேஷ்போர்டில் பச்சை அம்பு மினுக்குவதைப் பார்த்து, சத்தத்தையும் கேட்ட பிறகே வண்டியை ஒதுக்கினேன்.

மற்றவை விரைவில் முடிந்தன. வைப்பரை உலர்ந்த கண்ணாடியில் ஓட்டாமல், தண்டை நம்மை நோக்கி இழுத்து நீரைப் பீய்ச்சி ஓட்டிப் பார்த்தேன். ரிவர்ஸ் கியரைக் குமிழைக் கீழே அழுத்திக்கொண்டு இடப்பக்கம் முன்னே தள்ள வேண்டியிருந்தது; வேறு கார்களில் குமிழுக்கு அடியிலுள்ள வளையத்தைத் தூக்க வேண்டியிருக்கும், சிலவற்றில் வலப்பக்கம் பின்னே இழுத்தாலே விழும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் பஸ் நிற்கும்போது இதைத் தேடக்கூடாது. சாவி திறந்தவுடன் எரிந்த சிவப்பு, மஞ்சள் எச்சரிக்கைச் சின்னங்கள் இஞ்சின் ஓடியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏர்பேக் சின்னம் முதலில் எரிந்து பிறகு அணைந்ததையும் கவனித்தேன், ஏனெனில் எரியவே எரியாத சின்னம் பழுதையே மறைத்துக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பதற்கு டேஷ்போர்டிலுள்ள பங்க் சின்னத்தின் அருகே சிறு அம்புக்குறி இருந்தது.

மலைப் பிரயாணத்துக்கென்று விசேஷமாக ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. அது கண்ணாடிப் பனி. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிச் சாலையில் மூடுபனி எந்த வளைவில் இறங்கும் என்று சொல்ல முடியாது. குளிர்ந்த முன்கண்ணாடியில் உள்ளிருப்பவர் மூச்சின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். விசிறிபோல் விரிந்த சட்டத்துக்குள் மூன்று நெளிவான அம்புகள் எழும் பொத்தான் முன்கண்ணாடிக்கு. நேரான சட்டத்துக்குள் அதே அம்புகள் இருந்தால் பின்கண்ணாடிக்கு. முன்பொத்தானை அழுத்தி, ஏசியையும் போட்டு, உள்காற்றே சுற்றாமல் வெளிக்காற்று வரும்படி வைக்க வேண்டும். குளிருக்கு எதற்கு ஏசி என்று கேட்பார்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கிறது, அதனால் சூடான காற்றோடு சேர்த்தும் அதைப் போடலாம். சமவெளியில், மழைக்காலப் புழுக்கத்தில், இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: குளிர்ந்த ஏசிக் காற்று கண்ணாடியில் பட்டு, வெளிப்புறத்தில் பனி பூக்கும். எது எங்கே என்று அறிய விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்தால் போதும். கோடு விழுந்தால் பனி உள்ளே. விழாவிட்டால் வெளியே, அதற்கு வைப்பரே போதுமானது, குளிர்க் காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கியும் விட வேண்டும்.

அன்று இரவு மேட்டுப்பாளையத்தில் சிற்றுண்டி உண்டு மலையேறினோம். நான்காவது வளைவுக்கு மேல் பனி இறங்கிற்று. பொத்தான் இருக்கும் இடத்தைத் தேடாமலே கை போயிற்று. இரண்டு நாள் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இறங்கியபோதும் மூடுபனி. விளக்குக் குமிழ் "AUTO" என்ற நிலையில் இருந்தது. ஆனால் ஹெட்லைட் எரியவில்லை. தானியங்கி விளக்கு வெளிச்சத்தின் அளவை மட்டுமே பார்த்து இயங்குகிறது. பகல் பனி வெண்மையாக இருப்பதால் அதற்கு இருளாகத் தெரிவதில்லை. முன்னால் பகல் விளக்கு எரிந்தது, பின்னால் ஒன்றும் இல்லை. குமிழைக் கையால் டிம்முக்குத் திருப்பினேன். எங்களுக்கு முன்னே சென்ற இரண்டு கார்கள் பின்விளக்கு இல்லாமலே பனிக்குள் மறைந்தன. அவற்றை ஓட்டியவர்கள் தங்கள் விளக்கு எரிவதாகவே நம்பியிருப்பார்கள்.

வாடகைக்கு எடுப்பவர், இரவல் வாங்குபவர் செய்ய வேண்டியதைச் சொன்னேன். இனி, சாவியைக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மைத்துனரோ சினேகிதரோ ஓர் அவசரத்துக்குக் காரைக் கேட்டால், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்து இருக்கையில் ஐந்து நிமிஷம் அமருங்கள். அவர் கண்ணைக் கீழே தாழ்த்தாமல் வலது இண்டிகேட்டரையும் டிம்மையும் போட்டுக் காட்டட்டும். நீங்கள் இறங்கிப் பின்னால் போய் நின்று பிரேக் லைட் மூன்றும் எரிகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதன்பின் சாவியைக் கொடுங்கள்.